வெற்றுக் கட்டத்தில் தேதி இருக்கிறதா?

(கடுகண்ணாவையில் நடந்த தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில தோட்டங்களில் ஸ்டோர் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருக்கிறார்கள். இடது பக்கத்தில் நம்முடைய பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. மேலே வாட்டம், ரோதை, டிரையர், சல்லடை, பொதி என்று வேலைகள். நடுவில் உள்ள கட்டங்களில் 0, 1, 2, 3 என்று எண்கள். சில இடங்களில் எண்ணுக்குப் பதிலாக நான்காகப் பிரித்த வட்டம் வரைந்து, திறமைக்கேற்ப ஒரு கால், இரண்டு கால் என்று கறுப்பு அடித்திருக்கிறார்கள். இதைத் திறன் அட்டவணை என்கிறார்கள். "எனக்கு ஏன் ஒன்று போட்டார்கள்? இதனால் வேலை போகுமா?" என்று பலர் என்னிடம் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஸ்டோரில் வேலை செய்த காலத்தில் இப்படி ஒரு தாள் எங்கள் சுவரிலும் இருந்தது. ரோதையில் எனக்கு 1 போட்டிருந்தார்கள். யார் போட்டார்கள், எந்த நாளில் என் வேலையைப் பார்த்துப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வரட்சியில் கொழுந்து குறைந்தது. ஸ்டோர் வேலைக்கு ஆள் குறைக்க வேண்டும் என்றார்கள். அந்தத் தாளைப் பார்த்து, எண் குறைந்தவர்களை மலைக்கு அனுப்பினார்கள். ரோதையை எனக்குப் பழக்கித் தரவேண்டும் என்று அந்தத் தாள் யாருக்கும் சொல்லவில்லை. என்னைத் தள்ளி வைக்க மட்டும் அது உதவியது.

தாளே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அது எதற்காக உண்டானது என்று தெரிந்தால், எங்கே தவறாகப் பயன்படுகிறது என்றும் தெரிந்துவிடும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் கைதேர்ந்த ஆண் தொழிலாளர்கள் படைக்குப் போய்விட்டார்கள். தொழிற்சாலைக்குள் கால் வைத்தே இராத பெண்களையும் இளைஞர்களையும் அவசரமாகப் பழக்க வேண்டியிருந்தது. அதற்காக 1940ஆம் ஆண்டு முதல் 1945ஆம் ஆண்டு வரை அந்த அரசு ஒரு பயிற்சித் திட்டத்தை நடத்தியது. அதில் மேற்பார்வையாளர் ஒவ்வொருவரும் தன் கீழ் வேலை செய்பவர்களுக்கு ஒரு தாள் தயாரிக்க வேண்டும். ஒரு பக்கம் பெயர்கள், மறு பக்கம் வேலைகள். வேலை தெரிந்தவருக்கு நேரே ஒரு சரி அடையாளம் போடுவார்கள். வேலை தெரியாதவர், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியவர் என்றால், அந்தக் கட்டத்தில் ஒரு தேதி எழுதுவார்கள். அந்தத் தேதிக்குள் அவருக்குப் பழக்கிவிட வேண்டும் என்பது மேற்பார்வையாளரின் பொறுப்பு. போருக்குப் பிறகு அந்த முறை ஜப்பானுக்குப் போனது. டொயோட்டா போன்ற கம்பனிகள் அதைத் தங்கள் தொழிற்சாலைகளில் வளர்த்தெடுத்தன. அங்கிருந்து உலகம் முழுவதும் பரவி, இன்று நம் ஸ்டோர் சுவருக்கும் வந்திருக்கிறது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஆரம்பத்தில் வெற்றுக் கட்டம் தொழிலாளியின் குறையாக எண்ணப்படவில்லை. நிர்வாகம் செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை இருக்கிறது என்பதற்கு அது அடையாளமாக இருந்தது. தேதி இருந்ததால்தான் அப்படி ஆயிற்று. நம் சுவருக்கு வந்து சேரும்போது எண்கள் மட்டும் வந்திருக்கின்றன, பல இடங்களில் தேதி வழியில் தொலைந்துவிட்டது. ஆகவே தாளைப் பார்த்ததும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த வெற்றுக் கட்டத்தில் தேதி எங்கே? பழக்கப் போவது யார்?" என்பதுதான்.

இப்போது ஒரு ஸ்டோரை உதாரணமாக எடுத்து, தாளை வாசித்துப் பார்ப்போம். இது நான் கணக்குக்காகச் சொல்லும் ஸ்டோர். ஆறு பேர், ஐந்து வேலைகள். எண்களுக்கு அர்த்தம் இப்படி வைத்துக்கொள்வோம். 0 என்றால் அந்த வேலையில் நின்றதில்லை. 1 என்றால் பழகிக்கொண்டிருக்கிறார், தனியே விடக் கூடாது. 2 என்றால் செய்வார், பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். 3 என்றால் தனியே, தரம் கெடாமல், நேரத்துக்குச் செய்வார். 4 என்றால் மற்றவருக்கும் கற்றுக் கொடுப்பார்.

மூத்த டிரையர்காரர்: வாட்டம் 3, ரோதை 3, டிரையர் 4, சல்லடை 1, பொதி 0
ரோதைக்காரர்: வாட்டம் 2, ரோதை 4, டிரையர் 1, சல்லடை 0, பொதி 0
வாட்டக்காரர்: வாட்டம் 4, ரோதை 2, டிரையர் 0, சல்லடை 0, பொதி 1
புதிய தம்பி: வாட்டம் 3, ரோதை 1, டிரையர் 0, சல்லடை 0, பொதி 2
மூத்த அக்கா: வாட்டம் 1, ரோதை 0, டிரையர் 0, சல்லடை 4, பொதி 3
இளைய அக்கா: வாட்டம் 1, ரோதை 0, டிரையர் 0, சல்லடை 3, பொதி 4

பெரும்பாலானவர்கள் இந்தத் தாளைக் குறுக்காக வாசிப்பார்கள். மூத்தவருக்குக் கூட்டினால் 11, தம்பிக்கு 6, ஆகவே மூத்தவர் கெட்டிக்காரர், தம்பி மட்டம் என்று முடிவு கட்டுவார்கள். இது பிழை. பொதி கட்டுவதில் 4 வாங்கியவரையும் ரோதையில் 4 வாங்கியவரையும் ஒன்றாகக் கூட்டி என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்? கூட்டுத்தொகை போட்டு ஆட்களை வரிசைப்படுத்திய தாளை எங்கே கண்டாலும், அது பயிற்சிக்காக எழுதியதல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தாளை மேலிருந்து கீழாக வாசிக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் 3 அல்லது 4 உள்ளவர்கள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். ஒருவர் லீவில் போனாலும் வேலை நிற்கக் கூடாது என்றால், ஒரு வேலைக்குக் குறைந்தது இருவர் வேண்டும். நம் உதாரணத்தில் வாட்டத்துக்கு மூவர், ரோதைக்கு இருவர், சல்லடைக்கு இருவர், பொதிக்கு இருவர். டிரையருக்கு ஒரே ஒருவர்தான். அவர் செப்டெம்பர் கடைசியில் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு டிரையரில் தனியே நிற்க ஒருவரும் இல்லை. ரோதையும் இருவரிலிருந்து ஒருவராகக் குறைகிறது. ஓய்வு பெறும் நாள் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த நாள். அப்படியிருந்தும் பல ஸ்டோர்களில் அவர் மாலை போட்டுக்கொண்டு போன பிறகுதான் ஆள் தேடுகிறார்கள்.

அடுத்த கேள்வி, டிரையரை யாருக்குப் பழக்குவது? முதலில் கண்ணில் படுபவர் ரோதைக்காரர், அவருக்குத்தான் டிரையரில் 1 இருக்கிறது. ஆனால் மூத்தவர் போன பிறகு ரோதையில் மிஞ்சுவதும் அவர் ஒருவர்தான். அவரை டிரையருக்கு இழுத்தால் ஒரு குழியை மூடி இன்னொரு குழியை வெட்டியதாகும். வாட்டக்காரருக்கு ரோதையில் 2 இருக்கிறது. அவரை ரோதையில் 3 ஆக்குவது நல்லது. அப்படியானால் டிரையருக்கு மிஞ்சுவது தம்பியும் இரண்டு அக்காமாரும்.

இந்த இடத்தில்தான் அக்காமாரின் வரிசையைப் பார்க்க வேண்டும். ரோதை 0, டிரையர் 0. எத்தனை வருடம் சல்லடையில் நின்றாலும் அந்த 0 மாறுவதில்லை. ஏன்? முயன்று முடியாமல் போனதா? இல்லை, ஒரு நாளும் யாரும் அவர்களை அந்த மெஷினருகே நிறுத்தவில்லை. சிறு வயதிலிருந்து பெண்கள் சல்லடைக்கு, ஆண்கள் ரோதைக்கு என்று பிரித்துவிட்டோம். ரோதை முனிக்குப் பூசை போடும்போது பக்கத்தில் நிற்கலாம், ரோதையில் கை வைக்கக் கூடாது! தாளில் இரண்டு வகை 0 இருக்கிறது. ஒன்று, வாய்ப்பே கிடைக்காதது. மற்றது, பழக்கியும் வராதது. இரண்டையும் ஒரே எண்ணால் எழுதினால், நிர்வாகம் செய்யாததைத் தொழிலாளியின் தலையில் கட்டுவதாகிவிடும். வாய்ப்புக் கிடைக்காத கட்டத்தை எண் போடாமல் வெறுமையாக விடும்படி கேளுங்கள்.

இரவில் பெண்களை வேலைக்கு வைக்க முடியாதே என்பார்கள். விருப்பமில்லாத பெண்ணை இரவு வேலைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும், அதற்கு வேறு நிபந்தனைகள் உண்டு என்பதும் உண்மை. ஆனால் கொழுந்து இரவில் வாடுகிறது. ரோதை விடியற்காலையில் தொடங்குகிறது. டிரையர் ஓடுவது பெரும்பாலும் காலையில்தான். ஆகவே பகல் முறையில் டிரையரில் நிற்க ஒரு பெண்ணுக்குத் தடை இல்லை.

சரி, இளைய அக்காவுக்கும் தம்பிக்கும் பழக்குவது என்று முடிவு செய்கிறோம். இனித் தேதி எழுத வேண்டும். ஓய்வு பெறும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இப்போது ஜனவரி என்று வைத்துக்கொள்வோம். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வெயிலால் கொழுந்து குறைவு. அவசரம் இல்லாத காலம், பழக்குவதற்கு நல்ல காலம். வாரத்தில் இரண்டு காலை இளைய அக்கா டிரையரில் மூத்தவரோடு நிற்கிறார். அந்த இரண்டு நாளும் சல்லடையைப் பிற்பகலுக்குத் தள்ளிக்கொள்ளலாம். அதற்குள் தம்பியைப் பொதியில் 2இலிருந்து 3க்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் அக்கா போன நாளில் பொதி தேங்கும். மார்ச் கடைசியில் அக்காவுக்கு 2 என்பது இலக்கு.

ஆனால் மார்ச்சில் 3 போட்டுவிடக் கூடாது. வெயில் காலத்துக் கொழுந்தை உலர்த்துவது ஒன்று, மழைக்காலத்து ஈரக் கொழுந்து குவியும்போது உலர்த்துவது வேறு. ஏப்ரலிலிருந்து மழையோடு கொழுந்து கூடும்போதும் மூத்தவர் பக்கத்தில் நிற்க, அக்காதான் டிரையரை நடத்த வேண்டும். ஜூன் கடைசியில் பரீட்சை. ஜூலையிலிருந்து தம்பியின் முறை. அவருக்கு மூத்தவரும் அக்காவும் சேர்ந்து பழக்கலாம். செப்டெம்பர் மாதம் முழுவதும் மூத்தவர் கை வைக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும்.

பரீட்சை என்றேனே, 3 போடுவதற்கு எதைப் பார்ப்பது? "அவருக்குத் தெரியும்" என்று டீ மேக்கர் சொல்வது போதாது, கண்ணால் பார்க்கக்கூடிய விடயங்களை எழுதி வைக்க வேண்டும். தட்டு ஓடும் பழைய வகை டிரையரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் சூட்டுக் காற்று 190 முதல் 200 பாகை பரனைட் வரை இருக்கும். வெளியே வரும் காற்று 120க்கும் 130க்கும் இடையில் நிற்க வேண்டும். வெளிக் காற்றின் சூடு அதற்குக் கீழே இறங்கினால் டூள் காயாமல் அவிந்து போகும், தேநீர் சப்பென்று ஆகும். மிக மேலே ஏறினால் இலையின் வெளிப்பக்கம் காய்ந்து உள்ளே ஈரம் தங்கிவிடும், சில வேளை கருகிய வாடையும் வரும். நன்றாகக் காய்ந்த தேயிலையில் ஈரம் 3 வீதமளவில்தான் இருக்கும்.

ஆகவே பார்க்க வேண்டியது இதுதான். சூட்டுமானி இறங்கத் தொடங்கியதும் அவர் தானாகக் கவனிக்கிறாரா? டூளை மெல்லியதாகப் பரப்புகிறாரா, அல்லது அடுப்பைப் பார்க்கச் சொல்கிறாரா? எதனால் இறங்கியது என்று சொல்லத் தெரிகிறதா? வெளியே வந்த தேயிலையைக் கையில் நசுக்கி, மணந்து பார்த்துச் சரியா பிழையா என்று சொல்கிறாரா? ஏதாவது சிக்கினால் கையை விடுவதற்கு முன் மெஷினை நிறுத்துகிறாரா? மூன்று வெவ்வேறு நாட்கள், அதில் ஒரு நாளாவது ஈரக் கொழுந்து வந்த நாளாக இருக்க வேண்டும். மூன்று நாளும் சரியென்றால் 3. பார்த்தவரும் அக்காவும் தேதியோடு கையெழுத்து வைக்க வேண்டும். தொழிலாளி கையெழுத்து வைக்காத எண்ணை நாம் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், தலைவர் அல்லது தலைவி முன்னிலையில் இன்னொரு நாள் பார்க்கும்படி கேட்கலாம்.

கொழுந்து பறிக்கும் தாய்மார் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், அதனால் மலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலையில் இந்தத் தாள் வந்தால் கிலோவைப் பார்த்து எண் போடப் பார்ப்பார்கள். கிலோ என்பது கையால் மட்டும் வருவதல்ல. கவ்வாத்து வெட்டி எத்தனையாவது வருடம், மழை எப்படி, போன சுற்று எத்தனை நாளைக்கு முன் போனது, மரம் நெருக்கமா வெற்றிடமா என்று எல்லாம் சேர்ந்துதான் கிலோ. நல்ல மலையில் நிற்பவருக்கு 4, வெற்றிடம் நிறைந்த மலையில் நிற்பவருக்கு 2 என்றால், எண் விழுந்தது மலைக்கே தவிர ஆளுக்கு அல்ல. திறமையைப் பார்க்க வேண்டுமானால், கூடையிலிருந்து ஒரு பிடி கொழுந்தை எடுத்து, இரண்டு இலையும் மொட்டும் எவ்வளவு, கரட்டு இலை எவ்வளவு என்று பிரித்து எண்ணிப் பார்க்கலாம். பறித்த பிறகு மரத்தின் மட்டம் சரியாக இருக்கிறதா, முற்றாத மொட்டை விட்டு வைத்திருக்கிறாரா என்று பார்க்கலாம். கவ்வாத்து என்றால் வெட்டிய கொம்பைப் பார்த்தாலே தெரியும். உயரம் ஒரே அளவா, வெட்டு சாய்வாக வழவழவென்று இருக்கிறதா, பட்டை கிழிந்திருக்கிறதா. இந்த வேலைகளில் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு நமக்குப் பக்கத்தில் ஹந்தானையிலேயே தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது. பயிற்சிக்கு ஆள் இல்லை என்று நிர்வாகம் சொன்னால் அதை ஞாபகப்படுத்துங்கள்.

இனி மிக முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். திட்டம் சரியாக நடந்து, மூத்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது ஐந்து பேர் இருக்கிறார்கள், ஐந்து வேலையும் தெரிகிறது. வாட்டக்காரர் வாட்டத்துக்கு, ரோதைக்காரர் ரோதைக்கு, இளைய அக்கா டிரையருக்கு, மூத்த அக்கா சல்லடைக்கு, தம்பி பொதிக்கு. "எல்லாரும் எல்லா வேலையும் பழகிவிட்டீர்கள், இனி ஆறாவது ஆள் எதற்கு?" என்று துரை கேட்பார். கேட்காவிட்டால்தான் ஆச்சரியம்!

அதற்குப் பதிலும் அதே தாளில் இருக்கிறது. இளைய அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் டிரையருக்குத் தம்பி போவார், அப்போது பொதிக்கு யார்? மூத்த அக்கா சல்லடையையும் பொதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாட்டக்காரர் லீவு போட்டால், இரவெல்லாம் வாட்டம் பார்த்த தம்பி காலையில் பொதிக்கும் நிற்க வேண்டும். ஒரு கட்டத்தில் 3 இருப்பதால் அந்த ஆள் இரண்டு ஆளாகிவிட மாட்டார். எத்தனை பேருக்கு வேலை தெரியும் என்பது வேறு, ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேண்டும் என்பது வேறு. தாளை நன்றாக வாசிக்கத் தெரிந்த தலைவர் இந்தக் கணக்கைத் துரையின் மேசையிலேயே போட்டுக் காட்டலாம். பயிற்சி தொடங்குவதற்கு முன்பே, ஓய்வு பெறுபவரின் இடம் நிரப்பப்படும் என்றும், இந்த எண்களை வைத்து யாருடைய வேலை நாளையும் குறைப்பதில்லை என்றும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்த பிறகு கேட்டால் நம் கையில் பிடி இருக்காது.

இந்தத் தாளால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். 4 வாங்கியதால் சம்பளம் தானாகக் கூடாது. அதற்குத் தனியாகப் பேச வேண்டும். பழக்கிக் கொடுப்பவருக்குப் பழக்கும் நேரம் வேலை நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும், அதற்காக அவருக்கு எதுவும் குறையக் கூடாது என்பதையும் அதே பேச்சில் வையுங்கள். இன்னொன்று, நம் ஸ்டோரில் வாங்கிய 3 வெளி கேற்றைத் தாண்டினால் செல்லாது. வெளியில் செல்லுபடியாவது தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ். வகுப்புக்குப் போகாமல் வேலையிலேயே பழகியவர்களும், முன்பு கற்றதைக் காட்டி அந்தச் சான்றிதழைப் பெற வழி இருக்கிறது. ஸ்டோரில் மின் வேலை, வெல்டிங் வேலை பார்க்கும் தோழர்கள் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அப்போது தேதியும் கையெழுத்தும் உள்ள அந்தப் பயிற்சித் தாள்களின் பிரதி உங்களுக்கு உதவும். ஆகவே ஒரு பிரதியை வாங்கி வீட்டில் வையுங்கள்.

தோட்டத்துக்குத் திரும்பியதும், நாளைக் காலை சுவரில் இருக்கும் தாளைப் போய்ப் பாருங்கள். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பாருங்கள். ஒரு வருடமாக ஒரு எண்ணும் மாறவில்லை என்றால் பயிற்சியே நடக்கவில்லை என்று பொருள். தேதி போட்ட கட்டத்தில் தேதி கடந்திருந்தால், ஏன் நடக்கவில்லை என்று அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் கேளுங்கள். தேதியே இல்லையென்றால் ஒரு பென்சிலைக் கொண்டு போய், எந்த வெற்றுக் கட்டத்துக்கு முதலில் தேதி வேண்டும் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த வகுப்பில் உங்கள் ஸ்டோரின் தாளையே வைத்து ஒன்றாக வாசிப்போம்.